தலைவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள்

(கூட்டச் செயலாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அமைதியாக நடந்து முடிந்த பொதுக்கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுத உங்கள் யாருக்கும் என் உதவி தேவைப்படாது. நிகழ்ச்சி நிரலில் உள்ள தலைப்புகளை வரிசையாக வைத்து, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், நிறைவேறியது என்று எழுதிக்கொண்டே போகலாம். நான் இன்று பேச வந்தது, நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற கூட்டத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்திலும் மூன்று இடங்களைப் பற்றி மட்டும்: ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்புகிற இடம், அதன்மேல் தலைவர் ரூலிங் கொடுக்கிற இடம், கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்று பிரேரணை வருகிற இடம். பின்னால் வழக்கு வந்தால் வக்கீல்கள் முதலில் புரட்டிப் பார்க்கிற பக்கங்கள் இவைதான். அவசரத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகிற பக்கங்களும் இவைதான்.

உதாரணத்துக்கு ஒரு நிதி நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் நிதிகள் பழையவை. பக்கத்துத் தெருக்காரர்களே பங்குதாரர்கள், அவர்களே வைப்புதாரர்கள், அவர்களே கடன் வாங்கியவர்கள். அதனால் அங்கே கூட்டம் சூடாவது இயல்பு. நிதி என்பது சட்டப்படி ஒரு கம்பெனி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் அதற்குப் பொருந்தும். உங்களில் பதிவுச் சங்கங்களிலிருந்தும் குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும் வந்தவர்களுக்குப் பிரிவு எண்கள் வேறாக இருக்கும். உங்கள் துணை விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்கும் முறை மாறாது.

சட்டத்தில் பிரிவு 118தான் நமக்கு ஆதாரம். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் எழுதிக் கையெழுத்தாகிப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அது நடந்தவற்றின் நியாயமான, சரியான சுருக்கமாக இருக்க வேண்டும். அப்படி முறையாக வைத்த மினிட்ஸ், நடந்ததற்குச் சாட்சியமாகும். அதைத் திருத்தி மோசடி செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சாட்சியம் என்பதன் எடையை 1884இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தியன் ஸோயிடோன் கம்பெனி வழக்கில் தெளிவாக்கியது. கூட்டத்தில் இடையிடையே எழும் கேள்விகளைத் தீர்க்கும் அதிகாரம் முதல் நோக்கில் தலைவருக்கு உண்டு. வாக்கெடுப்பின் முடிவென்று அவர் மினிட்ஸ் புத்தகத்தில் பதிந்ததும் முதல் நோக்கில் சரியென்றே கொள்ளப்படும். தவறு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. நிரூபிக்கும் சுமையை ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்கு மாற்றும் பலம் நீங்கள் எழுதுகிற ஒரு வரிக்கு இருக்கிறது.

இனி கூட்டத்துக்குள் போவோம். இது நான் அமைத்துக்கொண்ட கூட்டம். எந்த நிதியிலும் நடந்ததல்ல. நிறுவனத்தில் உறுப்பினர்கள் 3,100 பேர். உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரத்துக்குள் இருப்பதால் பிரிவு 103இன்படி கோரம் 15 பேர். நேரில் வந்திருப்பவர்கள் 212 பேர். கூட்டம் 10.30க்குத் தொடங்கியது. கணக்குகளும் பங்காதாயமும் ஒருவழியாக நிறைவேறின. மூன்றாவது தலைப்பு, சுழற்சி முறையில் ஓய்வுபெறும் ஓர் இயக்குநரை மறுபடி நியமிப்பது. 11.25க்குத் தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்படுகிறது. உடனே ஃபோலியோ 318 எழுந்து, இவருக்குப் பதிலாக ஃபோலியோ 902 உறுப்பினரை நியமிக்க வேண்டும் என்று தீர்மானத்துக்குத் திருத்தம் சொல்கிறார். கைதட்டல். 11.28க்கு ஃபோலியோ 77 எழுந்து 'பாயிண்ட் ஆஃப் ஆர்டர்' என்கிறார்.

செயலாளரின் பேனா இந்த இடத்தில்தான் தடுமாறும். 77 பேசத் தொடங்கும்போதே நாலு பேர் அவரை உட்காரச் சொல்கிறார்கள். அவர் தன் வாதத்தை மூன்று தரம் திருப்பிச் சொல்கிறார். அதற்கு நடுவே 318இன் குடும்பத்தைப் பற்றியும் ஏதோ சொல்லிவிடுகிறார். இத்தனையிலும் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த விதி மீறப்படுகிறது என்கிறார்? ஒழுங்குப் பிரச்சினை என்பது கருத்து சொல்லும் வழியல்ல; நடந்துகொண்டிருக்கும் வேலை விதிப்படி நடக்கவில்லை என்று தலைவரின் கவனத்துக்குக் கொண்டுவருவது. மக்களவையின் 376ஆம் விதி இதை மிகக் கறாராக வைத்திருக்கிறது. அவை விதிகளையோ, அவை நடவடிக்கை பற்றிய அரசியலமைப்புப் பிரிவுகளையோ பொருள்கொள்வது அல்லது அமல்படுத்துவது பற்றியதாகத்தான் அது இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவை முன் இருக்கும் அலுவலைப் பற்றியதாக இருக்க வேண்டும். தகவல் கேட்கவோ தன்னிலை விளக்கம் தரவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த விதி நிதிக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எது ஒழுங்குப் பிரச்சினை, எது வெறும் ஆட்சேபம் என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

எந்த விதி என்று உறுப்பினர் சொல்லவில்லை என்றால், தலைவர் வழியாகக் கேளுங்கள். "எந்தப் பிரிவின்படி என்று உறுப்பினர் சொல்லட்டும்" என்று தலைவரின் காதில் சொன்னால் போதும். விதியைச் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். சொல்ல முடியவில்லை என்றால் அதையும் குறிக்க வேண்டும்: உறுப்பினர் விதி எதையும் சுட்டவில்லை என்று. நீங்களாக ஒரு பிரிவைக் கண்டுபிடித்து அவர் வாயில் போட வேண்டாம். பின்னால் மினிட்ஸை அழகுபடுத்தும்போது இந்தத் தவறு நடக்கிறது. சட்டம் தெரிந்த செயலாளரிடம்தான் இது அதிகம்.

நம் கூட்டத்தில் 77 விதியைச் சொல்லிவிடுகிறார். ஓய்வுபெறும் இயக்குநரல்லாத வேறொருவர் இயக்குநர் பதவிக்கு நிற்க வேண்டுமானால், பிரிவு 160இன்படி கூட்டத்துக்கு 14 நாளாவது முன்பு எழுத்து அறிவிப்பு கம்பெனிக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை, எனவே இந்தத் திருத்தத்தை எடுக்கக் கூடாது என்கிறார். தலைவர் 318ஐயும் கேட்கிறார். தீர்மானத்துக்குத் திருத்தம் சொல்வது எந்த உறுப்பினருக்கும் உள்ள உரிமை, அதற்கு அறிவிப்பு தேவையில்லை என்கிறார் அவர். 11.34க்குத் தலைவர் ரூலிங் தருகிறார்.

இப்போது இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முதலாவது, நான் பல மினிட்ஸ் புத்தகங்களில் பார்த்திருக்கிற மாதிரி:

"இயக்குநர் நியமனம் குறித்து உறுப்பினர்களிடையே காரசாரமான விவாதம் நடந்தது. தலைவர் ஆட்சேபத்தை ஏற்றுத் திருத்தத்தை நிராகரித்தார்."

இரண்டாவது:

"முற்பகல் 11.28: தலைப்பு 3இன் மீதான திருத்தத்தை எடுக்கக் கூடாது என்று ஃபோலியோ 77 ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். பிரிவு 160 கோரும் அறிவிப்பு ஃபோலியோ 902 பெயரில் வரவில்லை என்பதை அடிப்படையாகக் காட்டினார். திருத்தத்துக்கு அறிவிப்பு தேவையில்லை என்று ஃபோலியோ 318 பதிலளித்தார். அறிவிப்பு எதுவும் வந்ததா என்று தலைவர் கேட்க, வரவில்லை என்று செயலாளர் தெரிவித்தார். 11.34: தலைவர் ஒழுங்குப் பிரச்சினையை ஏற்றார். புதிய ஒருவரை நியமிக்கச் சொல்வது மறுநியமனத் தீர்மானத்தின் திருத்தமாகாது, அது தனி நியமனம், அதற்குப் பிரிவு 160இன் அறிவிப்பு தேவை, அறிவிப்பு வரவில்லை என்பதைக் காரணமாகக் கூறினார். திருத்தம் வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை."

முதல் பதிவில் என்ன தவறு? பொய் எதுவும் இல்லை. ஆனால் தலைவர் ஏன் நிராகரித்தார் என்பது அதில் இல்லை. 1890இல் ஹெண்டர்சன் எதிர் பேங்க் ஆஃப் ஆஸ்திரலேசியா வழக்கில், தலைவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு பொருத்தமான திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விட மறுத்தார். அதற்குப் பின் நிறைவேறிய தீர்மானமே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தத்தைத் தவறாக மறுத்தால் மூலத் தீர்மானமும் சேர்ந்து விழும். ஆகவே நாளைக்கு 318 தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனால், அங்கே கேட்கப்படும் கேள்வி: தலைவர் மறுத்த காரணம் சட்டப்படி நிற்குமா? இரண்டாவது பதிவு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் கம்பெனியை வைக்கிறது. முதல் பதிவு தலைவரைப் பிரமாணப் பத்திரம் எழுத வைக்கும். ஆறு மாதம் கழித்து வக்கீலின் அறையில் உட்கார்ந்து நினைவுகூர்ந்த காரணத்துக்கு, அன்று எழுதிய காரணத்தின் மதிப்பு இருக்காது.

தலைவரின் ரூலிங் தவறாக இருந்தாலும் இதேபோலத்தான் எழுத வேண்டும். நீங்கள் அவர் காரணத்தைச் செம்மைப்படுத்தக் கூடாது. அவர் பிரிவு எண்ணைத் தப்பாகச் சொல்லியிருந்தால், சொன்ன எண்ணே பதிவில் வர வேண்டும். கூட்டத்திலேயே கவனித்தால் அப்போதே ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். அவர் திருத்திச் சொன்னால், திருத்திச் சொன்னார் என்று பதியுங்கள். அதற்குமேல் நமக்கு வேலை இல்லை.

ரூலிங்கை ஏற்காத 318, இதைச் சபையே முடிவு செய்யட்டும், ஓட்டுக்கு விடுங்கள் என்று கேட்கிறார். இங்கே ஒரு குழப்பம் வரும். அமெரிக்காவில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிகளின்படி, தலைவரின் ரூலிங்கின் மேல் சபையிடம் மேல்முறையீடு செய்யலாம். இன்னொருவர் வழிமொழிந்தால் அது வாக்குக்கு வரும். அந்த விதிகளைப் பின்பற்றும் சங்கங்களில் ஒழுங்குப் பிரச்சினையும், மேல்முறையீடும், அவை ஏற்கப்பட்டதா இல்லையா என்பதும், தலைவர் சொன்ன காரணமும் மினிட்ஸில் இடம்பெற வேண்டும் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. நம் கம்பெனிகளுக்கு அந்த மேல்முறையீடு தானாக வந்துவிடாது; நிறுவன விதிகளில் எழுதியிருந்தால்தான் உண்டு. நம் உதாரண நிதியின் விதிகளில் இல்லை. தலைவர் அதைச் சொல்லி மறுக்கிறார். 318 தன் எதிர்ப்பைப் பதியச் சொல்கிறார். பதிவு இப்படிப் போகும்: "ரூலிங்கைச் சபையின் வாக்குக்கு விடுமாறு ஃபோலியோ 318 கேட்டார். நிறுவன விதிகளில் அதற்கு இடமில்லை என்று தலைவர் மறுத்தார். தன் எதிர்ப்பைப் பதியுமாறு 318 கேட்டுக்கொண்டார், பதியப்பட்டது." எதிர்ப்பு தெரிவித்தவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு இந்த வரி. அதைக் கொடுப்பதால் தலைவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

திட்டியதை என்ன செய்வது? 77 சொன்ன குடும்ப விவகாரம் மினிட்ஸுக்கு வராது. அவதூறானது, கூட்ட நடவடிக்கைக்குத் தொடர்பில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதைச் சேர்க்க வேண்டாம் என்று பிரிவு 118இலேயே இருக்கிறது. அதை முடிவு செய்யும் முழு உரிமையும் அவருக்கே. ஆனால் இந்த உரிமையைக் காட்டி, "அந்த ஒழுங்குப் பிரச்சினையே வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று சொல்கிற தலைவர்களும் உண்டு. என் கருத்தை உறுதியாகச் சொல்கிறேன்: தலைவர் தீர்ப்புக் கொடுத்த ஒரு விஷயம், தொடர்பில்லாதது என்ற வகைக்குள் ஒருநாளும் வராது. அது கூட்டத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது. உறுப்பினர் பேசிய சூடான சொற்களை எடுத்துவிடலாம். அவர் காட்டிய விதியையும் தலைவர் கொடுத்த முடிவையும் எடுக்க முடியாது. சொற்களைத் திரும்பப் பெறத் தலைவர் சொல்லி, உறுப்பினர் பெற்றிருந்தால், சொற்களை எழுதாமல் அந்தச் செயலை மட்டும் எழுதுங்கள்.

இப்போது ஒத்திவைப்புக்கு வருவோம். இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் ஒன்றை விலக்கிவிடுகிறேன். நாடாளுமன்றச் செய்திகளில் நீங்கள் கேட்கிற ஒத்திவைப்புத் தீர்மானம் வேறு விஷயம். அவசரப் பொருள் ஒன்றை விவாதிக்க அன்றைய அலுவலைத் தள்ளிவைக்கக் கேட்பது அது. நம் பொதுக்கூட்டத்தில் அது கிடையாது. நமக்கு வருவது கூட்டத்தையே இன்னொரு நேரத்துக்கோ இடத்துக்கோ தள்ளிவைப்பது. அல்லது ஒரு தலைப்பின் மீதான விவாதத்தை மட்டும் தள்ளிவைப்பது. இரண்டில் எது கேட்கப்பட்டது என்பது பதிவில் முதலில் தெரிய வேண்டும். "ஒத்திவைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால், எது என்ற கேள்வியோடு அந்தப் பக்கம் நின்றுவிடும்.

அடுத்த கேள்வி, ஒத்திவைத்தது யார்? சட்டத்தின் எஃப் அட்டவணையை ஏற்றுக்கொண்ட கம்பெனிகளில் 49ஆம் விதி இதைச் சொல்கிறது. கோரம் உள்ள கூட்டத்தின் சம்மதத்தோடு தலைவர் ஒத்திவைக்கலாம். கூட்டம் பணித்தால் ஒத்திவைத்தே ஆக வேண்டும். அதற்கு வெளியே, ஒழுங்கு குலைந்து கூட்டம் நடத்தவே முடியாத நிலையில் தலைவருக்குத் தாமாக ஒத்திவைக்கும் அதிகாரமும் உண்டு. செயலாளர்களுக்கான எஸ்எஸ்-2 தரநிலையும் அதை ஏற்கிறது, கூடவே தன்னிச்சையாக ஒத்திவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆக, சபை ஒத்திவைத்ததா, சபையின் சம்மதத்தோடு தலைவர் ஒத்திவைத்தாரா, தலைவர் தம் அதிகாரத்தில் ஒத்திவைத்தாரா என்று மூன்றில் ஒன்று பதிவில் வர வேண்டும். மூன்றாவதென்றால் காரணம் கட்டாயம் வர வேண்டும்.

ஏன் என்று ஒரு வழக்கு சொல்லும். 1988 அக்டோபர் 19 அன்று லண்டன் லைஃப் என்ற பரஸ்பர ஆயுள் காப்பீட்டு அமைப்பு, ஓர் இணைப்புக்கு ஒப்புதல் பெற, பார்பிகன் மையத்தின் திரையரங்கு ஒன்றில் சிறப்புக் கூட்டம் கூட்டியது. வந்தவர்களுக்கு இடம் போதவில்லை. பக்கத்து அறைகளுக்குச் செய்திருந்த ஒலி, ஒளி இணைப்பும் வேலை செய்யவில்லை. தலைவர் கூட்டத்தை அன்று பிற்பகலே கஃபே ராயல் என்ற இடத்துக்கு ஒத்திவைத்தார். அங்கே தீர்மானம் நிறைவேறியது. பிங் என்ற உறுப்பினர் வழக்குப் போட்டார். அப்படி ஒரு நெருக்கடியில் ஒத்திவைக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் காலையில் வந்துவிட்டுப் பிற்பகலில் வர முடியாதவர்கள் வாக்கை இழப்பார்கள் என்பதுபோன்ற முக்கியமான விஷயங்களைத் தலைவர் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் அவர் முடிவு செல்லாது என்றது. பிற்பகல் தீர்மானமும் அத்தோடு போயிற்று. அதிகாரம் இருந்தும் தீர்மானம் விழுந்தது, அதைப் பயன்படுத்தும்போது தலைவர் எதையெல்லாம் யோசித்தார் என்ற கேள்வியில். அந்தக் கேள்விக்கு மினிட்ஸில் பதில் இருந்தால் நல்லது. 

நம் கூட்டத்துக்குத் திரும்புவோம். 11.41க்கு ஃபோலியோ 540, கூட்டத்தை அடுத்த ஞாயிறு இதே இடத்தில் காலை 10.30க்கு ஒத்திவைக்க வேண்டும் என்று முன்மொழிகிறார், 611 வழிமொழிகிறார். தலைப்பு 3 நடுவில் இருக்கும்போது இந்தப் பிரேரணை வரலாமா என்று 77 மறுபடி ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறார். ஒத்திவைப்புப் பிரேரணைக்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை, கூட்டம் பணித்தால் ஒத்திவைத்தே ஆக வேண்டும் என்று 49ஆம் விதி இருக்கையில் அதை வாக்குக்கு விடாமல் இருக்க முடியாது என்று தலைவர் மறுக்கிறார். கைதூக்கி எண்ணுகிறார்கள்: ஆதரவு 81, எதிர்ப்பு 104. பிரேரணை தோற்றது என்று தலைவர் அறிவிக்கிறார். உடனே ஒன்பது உறுப்பினர்கள் வாக்குச்சீட்டு வாக்கெடுப்பு கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. பிரிவு 109இன்படி, மொத்த வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு உள்ளவர்கள், அல்லது ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் செலுத்தப்பட்ட பங்குகளை வைத்திருப்பவர்கள் கேட்டால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். மற்ற விஷயங்களில் தலைவர் அதை 48 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒத்திவைப்பு பற்றியதென்றாலும் தலைவரைத் தேர்ந்தெடுப்பது பற்றியதென்றாலும் உடனே நடத்த வேண்டும். காரணம் எளிது: கூட்டம் தொடரலாமா என்பதே தெரியாமல் அடுத்த தலைப்புக்கு எப்படிப் போவது? ஆகவே செயலாளர் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டி, கேட்ட ஒன்பது பேரின் பங்குகளைக் கூட்டிப் பார்க்கிறார்: 10 ரூபாய்ப் பங்குகள் 58,400, செலுத்திய தொகை 5,84,000 ரூபாய். தகுதி உண்டு. 12.20க்கு முடிவு: ஆதரவு 61,300 வாக்குகள், எதிர்ப்பு 88,950. பிரேரணை தோற்றது.

பதிவில் கைதூக்கி எண்ணியதையும் வாக்குச்சீட்டு முடிவையும் இரண்டையும் எழுதுங்கள். கேட்டவர்களின் ஃபோலியோ எண்களையும் அவர்கள் பங்குத் தொகையையும் எழுதுங்கள். வாக்கெடுப்பு உடனே நடந்தது என்பது நேரத்திலிருந்தே தெரிய வேண்டும்: கேட்டது 11.52, தொடங்கியது 11.58, முடிவு 12.20. கேட்டவர்களுக்குத் தகுதி இல்லாமல் தலைவர் மறுத்திருந்தால் அந்தக் கூட்டல் இன்னும் முக்கியம். மறுப்பு சரிதானா என்று பார்க்க வேறு எதுவும் இருக்காது.

12.25க்குச் சிலர் மேடையில் ஏறுகிறார்கள், மைக்கைப் பிடுங்குகிறார்கள். அமைதியாக அமருமாறு தலைவர் கேட்கிறார், மறுபடி கேட்கிறார், அமரவில்லை. ஒழுங்கு திரும்ப இருபது நிமிடம் கூட்டத்தை நிறுத்துவதாக 12.29க்கு உரக்க அறிவிக்கிறார். வேல்ஸில் 1968இல் ஒரு கட்சிக் கிளையின் கூட்டத்தில் ஏற்பட்ட அமளியை வைத்து ஜான் எதிர் ரீஸ் வழக்கில் நீதிபதி மெகாரி சொன்ன படிகள் இவைதான்: ஒழுங்கைக் கொண்டுவரத் தலைவர் மனமார முயல வேண்டும், முடியாதபோது சபையின் சம்மதத்தோடு ஒத்திவைக்கப் பார்க்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் தாமாக ஒத்திவைக்கலாம், ஒழுங்கு திரும்பத் தேவையான நேரத்துக்கு மட்டும். ஆகவே மினிட்ஸில் "அமளி காரணமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது" என்ற ஒரு வரி போதாது. அந்தப் படிகளில் எவை நடந்தன என்று எழுத வேண்டும்: இரண்டு முறை கேட்டுக்கொண்டார், சபையின் சம்மதத்தைக் கேட்கும் நிலை இல்லை, இருபது நிமிடம் என்று அறிவித்தார், காரணம் ஒழுங்கு திரும்புவது. அமளியைப் பற்றிப் பெயரடைகள் வேண்டாம். 'பயங்கரமான', 'வெட்கக்கேடான' என்பவை உங்கள் தீர்ப்பு. 'மேடையில் ஏறினர்', 'மைக்கைப் பறித்தனர்' என்பவை நடந்தவை.

12.50க்குத் தலைவர் திரும்பி வருகிறார். பாதி நாற்காலி காலி. இங்கே எல்லோரும் மறப்பது தலை எண்ணுவது. கூட்டம் முழுக்கக் கோரம் இருக்க வேண்டும் என்பது எஸ்எஸ்-2. எண்ணுங்கள், 41 பேர் என்றால் 41 என்று எழுதுங்கள். வெளிநடப்புச் செய்தவர்கள் பின்னால், நாங்கள் போனபின் கோரமே இல்லை என்று சொல்வார்கள். 15க்கு மேல் இருந்ததென்று அந்த நிமிடத்தில் எழுதிய எண் அதற்குப் பதிலாகும்.

இப்போது இந்தக் கூட்டத்திலேயே மிக ஆபத்தான ஒரு வரி. 12.29க்கு நிறுத்தியபோது தலைப்பு 3 எந்த நிலையில் இருந்தது? மறுநியமனத் தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டுத் தோற்றதா, அல்லது வாக்குக்கே வரவில்லையா? பிரிவு 152 இந்த வேறுபாட்டில் ஓர் இயக்குநரின் பதவியையே தொங்கவிட்டிருக்கிறது. ஓய்வுபெறுபவரின் இடம் நிரப்பப்படாமல், நிரப்ப வேண்டாம் என்றும் கூட்டம் வெளிப்படையாகத் தீர்மானிக்காமல் போனால், கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குத் தானாகவே ஒத்திவைக்கப்படும். அன்றும் நிரப்பப்படாவிட்டால் ஓய்வுபெற்றவரே மறுபடி நியமிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுவார். விதிவிலக்குகளில் ஒன்று: மறுநியமனத் தீர்மானம் அந்தக் கூட்டத்திலோ முந்தைய கூட்டத்திலோ வாக்குக்கு விடப்பட்டுத் தோற்றிருந்தால் அப்படிக் கொள்ள முடியாது. "தலைப்பு 3 மீது முடிவு எட்டப்படவில்லை" என்று நீங்கள் எழுதினால் அதை இரண்டு பக்கமும் இழுக்கலாம். "தலைப்பு 3இன் தீர்மானம் வாக்குக்கு விடப்படவில்லை, விவாதம் நிலுவையில் இருந்தது" என்று எழுதினால் இழுக்க முடியாது. ஒத்திவைக்கும் ஒவ்வொரு முறையும், நிலுவையில் உள்ள தலைப்பு எது, அதில் எந்தக் கட்டம் வரை வந்தது என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். ஒத்திவைத்த கூட்டத்தில் மீதமுள்ள வேலையை மட்டுமே எடுக்கலாம் என்பதால், மீதம் எது என்பதற்கும் இந்த வரிதான் சாட்சி.

தலைவர் திரும்பி வரவே இல்லை என்றால்? கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1894இல் நேஷனல் ட்வெல்லிங்ஸ் சொசைட்டி எதிர் சைக்ஸ் வழக்கு இதுதான். வேலை முடியாதபோது தம் விருப்பப்படி கூட்டத்தைக் கலைக்கத் தலைவருக்கு அதிகாரம் இல்லை, அவர் போனால் மற்றவர்கள் வேறு தலைவரை வைத்துத் தொடரலாம் என்று நீதிபதி சிட்டி தீர்ப்பளித்தார். இந்த நிலையில் செயலாளருக்குப் பெரிய இழுப்பு வரும். தலைவரோடு எழுந்து போய்விடத் தோன்றும். போகாதீர்கள். தலைவர் சொன்ன சொற்கள், சொன்ன நேரம், நிலுவையில் இருந்த தலைப்புகள், மீதியிருந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தால், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை எல்லாம் எழுதுங்கள். அது செல்லுமா செல்லாதா என்று ஒரு சொல்லும் எழுத வேண்டாம். "சட்டவிரோதமாகத் தொடர்ந்தனர்" என்றோ "முறைப்படி தொடர்ந்தனர்" என்றோ எழுதினால் நீங்கள் தீர்ப்பாயத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு தரப்பும் இரண்டு மினிட்ஸ் எழுதுகிற நிலை வந்தாலும், நேரமும் எண்ணிக்கையும் உள்ள மினிட்ஸை நீதிமன்றம் படிக்க முடியும்.

குறிப்பெடுக்கும் முறை பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் கையில் இருக்க வேண்டியது மடிக்கணினியல்ல, கோடு போட்ட நோட்டு. இடது ஓரத்தில் நேரத்துக்கு ஒரு பத்தி விடுங்கள். ஒழுங்குப் பிரச்சினை எழுந்ததும் முதலில் நேரம், பிறகு ஃபோலியோ எண், பிறகு விதி. பெயர் தெரியாவிட்டால் எண்ணைக் கேட்டு வாங்கத் தொண்டர் ஒருவரை நிறுத்தி வையுங்கள். தலைவர் ரூலிங் கொடுத்ததும் எழுந்து, "தலைவரின் ரூலிங்கை இப்படிப் பதிகிறேன்" என்று மைக்கில் வாசியுங்கள். முதல் முறை சிலர் முறைப்பார்கள். இரண்டாம் முறை சபையே அமைதியாகக் கேட்கும், ஏனென்றால் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் வேண்டும். தலைவரும் தம் காரணத்தைக் கூர்மையாகச் சொல்லப் பழகுவார். அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டம் சச்சரவில் முடிந்தது என்றால், வழக்கு ஓயும்வரை தேதியிட்டுப் பத்திரமாக வையுங்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தக் கூட்டத்தின் தலைவர். 30 நாளுக்குள் அவர் இறந்துவிட்டாலோ அவரால் இயலாமல் போனாலோ, இயக்குநர் குழு அதிகாரம் கொடுத்த இயக்குநர் ஒருவர் போடலாம். கையெழுத்திடுபவர் ஒரு வரியை மாற்றச் சொன்னால், நோட்டைத் திறந்து காட்டுங்கள். நோட்டில் இருப்பதற்கு மாறாக எதையும் எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். சொற்களை அவர் மெருகேற்றலாம். காரணம், எண், நேரம் இம்மூன்றும் நோட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

ஒத்திவைத்த கூட்டத்துக்குத் தனியாக மினிட்ஸ் எழுத வேண்டும்; மூலக் கூட்டத்தின் மினிட்ஸும் தனியாக இருக்கும். ஒத்திவைத்த கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம், பிரிவு 116இன்படி, உண்மையில் நிறைவேறிய அந்த நாளில் நிறைவேறியதாகவே கொள்ளப்படும், முதல் கூட்டத் தேதியில் அல்ல. எனவே இரண்டாம் மினிட்ஸின் தலைப்பில் மூலக் கூட்டத்தின் தேதியையும், ஒத்திவைத்த நேரத்தையும், எந்தத் தலைப்பில் நின்றது என்பதையும் எழுதிவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள். 30 நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனால் புது நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதால், ஒத்திவைத்த தேதிக்கும் கூடிய தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நோட்டீஸ் அனுப்பிய தேதியையும் அதே தலைப்பின் கீழ் சேர்த்துவிடுங்கள்.